வண்டுக்கும் எலிக்கும் வழி விடாத கிடங்கு

அரிசிக் கிடங்கில் பூச்சி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது மருந்துதான். கிடங்கில் வேலை செய்து பழகியவர்களிடம் கேட்டால் மருந்தை அவர்கள் கடைசியாகத்தான் சொல்வார்கள். முதலில் கதவின் அடி இடுக்கு, அடுத்து தரையில் சிந்திக் கிடக்கும் அரிசி, அதற்கடுத்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை நடக்கும் பரிசோதனை. இவை மூன்றும் சரியாக இருக்கும் கிடங்கில் மருந்துக்கு வேலை குறைவு. இவற்றைக் கோட்டைவிட்ட கிடங்கில் எவ்வளவு மருந்து அடித்தாலும் அடுத்த மாதமே வண்டு திரும்பி வந்துவிடும்.

தமிழ்நாட்டில் நெல்லும் அரிசியும் பெரும்பாலும் சாக்கு மூட்டைகளாகவே இருப்பில் வைக்கப்படுகின்றன. 1965 ஜனவரி 14 அன்று தொடங்கப்பட்ட இந்திய உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில்தான் அமைந்தது. அக்கழகத்தின் கிடங்குகளிலும், தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் கிடங்குகளிலும், தனியார் ஆலைகளின் குடோன்களிலும் காட்சி ஏறக்குறைய ஒன்றுதான். தரையில் மரச்சட்டங்கள், அவற்றின் மேல் ஐம்பது கிலோ மூட்டைகளை அடுக்கிய அட்டிகள், அட்டிகளுக்கு இடையே ஆள் நடக்கும் வழி. பூச்சிக்கும் எலிக்கும் எதிரான வேலை முழுவதும் இந்த அமைப்புக்குள்தான் நடந்தாக வேண்டும்.

உள்ளே இருப்பது யார்?

அரிசியைக் கெடுக்கும் பூச்சிகள் இரண்டு வகை. முழு மணியையே துளைத்து உள்ளே வளர்பவை ஒரு வகை. உடைந்த மணி, நொய், மாவு ஆகியவற்றில் பெருகுபவை இன்னொரு வகை. இந்த வேறுபாடு தெரிந்தால்தான் பரிசோதனையின்போது கண்ணில் படுவதற்குப் பொருள் புரியும்.

முதல் வகையில் முக்கியமானது கூன் வண்டு. மூன்று மில்லிமீட்டர் அளவே உள்ள இந்தப் பழுப்பு வண்டின் தலை, மூக்கு நீண்டதுபோல் முன்னால் துருத்தி நிற்கும். பெண் வண்டு அந்த மூக்கின் நுனியால் மணியில் ஒரு குழி தோண்டி, அதில் ஒரேயொரு முட்டையை இட்டு, வாயை ஒரு பசையால் அடைத்துவிடும். அடைப்பின் நிறமும் மணியின் நிறமும் ஒன்றுபோலவே இருப்பதால் வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. முட்டையிலிருந்து வரும் புழு மணிக்குள்ளேயே தின்று, அங்கேயே கூட்டுப்புழுவாகி, வண்டாக வெளியே வருகிறது. நம் ஊர் வெப்பத்தில் இதற்குச் சுமார் ஐந்து வாரம் ஆகும். ஒரு பெண் வண்டு தன் வாழ்நாளில் முந்நூறு முட்டை வரை இடக்கூடும். ஒரு மூட்டையின் மேல் நான்கு வண்டுகள் ஊர்ந்தால் உள்ளே நான்குதான் இருக்கின்றன என்று பொருளல்ல. மணிகளுக்குள் அடைபட்டுக் கிடப்பவை எண்ணில் அடங்காமல் போகலாம்.

தானியத் துளைப்பானும் நெல் அந்துப்பூச்சியும் இதே வகையைச் சேர்ந்தவை. துளைப்பான் இருக்கும் இடத்தில் மணியைக் குடைந்த மாவு சாக்கின் இழைகள் வழியே தூசியாக உதிரும். அந்து பெரும்பாலும் நெல்லில், அதுவும் அட்டியின் மேற்பரப்பு மூட்டைகளில்தான் இருக்கும்.

இரண்டாம் வகைக்குச் சிவப்பு மாவு வண்டு நல்ல எடுத்துக்காட்டு. முழு மணியை உடைக்கும் வலு இதற்குக் கிடையாது. கூன் வண்டு குடைந்துபோட்ட மணியும், ஆலையில் உடைந்த குருணையும், தரையில் சிந்தி மிதிபட்ட அரிசியும்தான் இதற்கு உணவு. எனவே ஒரு கிடங்கில் மாவு வண்டு அதிகம் தென்பட்டால், அங்கே கூட்டிப் பெருக்கும் வேலை சரியாக நடக்கவில்லை அல்லது வேறொரு பூச்சி முன்பே மணியைக் குடைந்துவிட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

எலிகளிலும் வேறுபாடு உண்டு. வீட்டு எலி ஏறுவதில் கெட்டிக்காரன். கூரை, குழாய், மின்கம்பி வழியாக வரும். வயல் பக்கத்திலிருந்து வரும் பெருச்சாளி இனங்கள் மண்ணைத் தோண்டி அடிமேடைக்குக் கீழே வளை அமைக்கும். சுண்டெலி மூட்டைகளுக்கு இடையிலேயே குடியிருந்துவிடும். எலி தின்பதைவிட அது சிந்துவதும் அசுத்தம் செய்வதுமே பெரிய இழப்பு. அது கிழித்த சாக்கிலிருந்து கொட்டும் அரிசி பூச்சிக்குத் தீனியாகிறது. அதன் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் பரவக்கூடும்.

வழிகளை அடைத்தல்

எலி உள்ளே வர எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலோர் கைமுட்டி அளவு காட்டுவார்கள். சுண்டெலிக்கு ஆறு மில்லிமீட்டர் போதும். எலிக்குப் பன்னிரண்டு மில்லிமீட்டர் போதும். மண்டையோடு நுழைந்தால் உடம்பு பின்னாலேயே நெளிந்து வந்துவிடும். மூடிய கதவின் அடியில் ஒரு பென்சில் நுழைந்தால் அந்தக் கதவு சுண்டெலிக்குத் திறந்த கதவுதான்.

இடுக்குகளைக் கண்டுபிடிக்க எளிய முறை ஒன்று உண்டு. நல்ல வெயில் நேரத்தில் கதவுகளையும் ஷட்டர்களையும் மூடிவிட்டு, விளக்கையும் அணைத்துவிட்டு, உள்ளே ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். கண் இருட்டுக்குப் பழகியதும் வெளிச்சம் எங்கெங்கே கீறலாக விழுகிறதோ அங்கெல்லாம் வழி இருக்கிறது. ஷட்டரின் இரு ஓரத் தண்டவாளம், கதவின் அடி, கூரைத் தகட்டின் வளைவுகள் சுவரைத் தொடும் இறவானம், மின்கம்பி நுழையும் துளை ஆகிய நான்கு இடங்களில்தான் பெரும்பாலும் வெளிச்சம் தெரியும். ஒவ்வொன்றுக்கும் சுண்ணாம்புக் கட்டியால் அடையாளமிட்டு, ஒரு பட்டியல் எழுதிக்கொண்டால் கொத்தனாரிடம் வேலையைச் சொல்வது எளிது.

எதைக்கொண்டு அடைப்பது என்பதிலும் தவறு நடக்கிறது. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் அது எதையாவது கொறித்துக்கொண்டேதான் இருக்கும். சாக்குத் துணி, மரத்துண்டு, ரப்பர், நுரைப் பசை எல்லாம் அதற்குச் சில இரவுகளின் வேலை. சுவரிலும் தரையிலும் உள்ள ஓட்டைக்குச் சிமெண்ட் கலவைதான் சரி. கலவை காய்வதற்குள் எலி தோண்டிவிடாமல் இருக்க, உள்ளே உடைந்த கண்ணாடித் துண்டுகளையோ இரும்பு நாரையோ திணித்துப் பூசுவார்கள். மரக் கதவின் அடிப்பகுதியில் வெளிப்பக்கமாக முப்பது சென்டிமீட்டர் உயரத்துக்குத் துத்தநாகம் பூசிய தகடு அடிக்க வேண்டும். தகட்டின் கீழ் விளிம்புக்கும் தரைக்கும் இடையே ஆறு மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. தரை தேய்ந்து பள்ளமாகியிருந்தால் தகடு மட்டும் பயன் தராது. நிலைப்படியின் கீழே சிமெண்டால் மேடு கட்டியாக வேண்டும்.

காற்று வரும் சாளரங்களை அடைக்க முடியாது, அடைக்கவும் கூடாது. அவற்றுக்கு ஆறு மில்லிமீட்டருக்குக் குறைவான கண்ணுள்ள இரும்பு வலை பொருத்த வேண்டும். குருவி, புறா, எலி மூன்றையும் இது தடுக்கும். நைலான் வலை பறவையை மட்டுமே தடுக்கும். மழைநீர் வடிகாலின் வாயிலும் இரும்புக் கம்பிச் சல்லடை வேண்டும். சுவரோடு ஒட்டிச் செல்லும் குழாய்களில், எலி ஏற முடியாதபடி தகட்டை வட்டமாக வெட்டிக் கவிழ்த்த கூம்புபோலப் பொருத்துவது வழக்கம்.

கிடங்கின் அடிமேடை தரை மட்டத்திலிருந்து முக்கால் மீட்டருக்கும் மேல் உயரமாகக் கட்டப்படுவது லாரியிலிருந்து மூட்டை இறக்கும் வசதிக்காக மட்டும் அல்ல. அவ்வளவு உயரத்துக்குத் தாவி ஏறுவது எலிக்குக் கடினம். அந்த மேடையின் மேல்விளிம்பைச் சிறிது வெளியே நீட்டிக் கட்டினால் சுவரில் ஊர்ந்து ஏறும் எலியும் தடைபடும். இவ்வளவு செய்த பிறகு, பழைய சாக்குக் கட்டையோ உடைந்த மரச்சட்டமோ மேடையோடு சாய்த்து வைக்கப்பட்டால் எலிக்கு அதுவே ஏணி. சுவரைத் தொடும் மரக்கிளையும் அப்படித்தான். கிடங்கைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்காவது புல் பூண்டு இல்லாமல் வெறும் தரையாக வைத்திருக்க வேண்டும். எலி வெட்ட வெளியைக் கடக்க அஞ்சும். புதிய வளை தோண்டினால் நம் கண்ணிலும் உடனே படும்.

வழிகளை அடைப்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. எலிகள் உள்ளே இருக்கும்போது எல்லா ஓட்டையையும் ஒரே நாளில் அடைத்தால் அவை உள்ளேயே சிறைப்பட்டுச் சாக்குகளைக் கிழிக்கும். முதலில் உள்ளே பொறிகளை வைத்துப் பிடித்து, எச்சமும் காலடியும் புதிதாகத் தோன்றாத நிலை வந்த பிறகே கடைசி ஓட்டையை அடைக்க வேண்டும். எலி சுவரை உரசியபடியே ஓடும். ஆகவே பொறியைச் சுவருக்குக் குறுக்காக, தீனி வைத்த முனை சுவரைத் தொடும்படி வைப்பார்கள். புதிய பொருளைக் கண்டால் எலி சில நாள் விலகி நடக்கும். முதல் இரண்டு மூன்று இரவுகள் பொறியில் தீனியை மட்டும் வைத்து, கொக்கியைப் பூட்டாமல் விட்டால் அச்சம் தெளிந்துவிடும். நஞ்சு கலந்த தீனி கிடங்கின் உள்ளே கூடாது. புரோமடியலோன் போன்றவற்றை வெளிப்புறத்தில், பூட்டிய தீனிப்பெட்டிகளில் மட்டுமே வைக்க வேண்டும். உள்ளே வைத்த நஞ்சு அரிசியில் சிந்தலாம். நஞ்சு தின்ற எலி அட்டியின் நடுவில் போய்ச் செத்தால் அதை எடுக்க அட்டியையே பிரிக்க வேண்டியிருக்கும்.

பூச்சிகளுக்கு வழி என்பது வேறு. அவற்றில் பெரும்பகுதி சுவர் ஓட்டை வழியாக வருவதில்லை. மூட்டையோடும் பழைய சாக்கோடும் லாரியில் ஏறி வருகின்றன. எனவே அவற்றுக்கான வாயில் கிடங்கின் வரவுக் கதவுதான். வரும் ஒவ்வொரு லாரியிலும் மாதிரி எடுத்துப் பார்த்து, பூச்சி உள்ள சரக்கைத் தனியாக அடுக்கிப் புகைமூட்டம் செய்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். உள்ளே வந்த பூச்சி தங்குமிடம் சுவர் வெடிப்பும் தரை வெடிப்பும். வட இந்தியாவில் கோதுமையைப் பாடாய்ப் படுத்தும் கப்ரா வண்டின் புழு, தீனியே இல்லாமலும் இத்தகைய வெடிப்புகளில் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்து, புதிய தானியம் வந்ததும் விழித்துக்கொள்ளும். வெடிப்பைக் கம்பியால் கீறித் தூசியை வெளியே எடுத்த பின் சிமெண்டால் பூசினால்தான் அந்தக் குடியிருப்பு ஒழியும். தூசியோடு சேர்த்துப் பூசினால் பூச்சு சில மாதத்தில் பெயர்ந்துவிடும்.

துடைப்பமும் ஈரமும்

கிடங்கின் தூய்மையைக் காட்டுவது நடைபாதை அல்ல. நடைபாதையை எல்லோரும் கூட்டிவிடுவார்கள். மரச்சட்டங்களுக்கு அடியில், சுவரும் தரையும் சேரும் மூலையில், கதவு மடிப்பில், உத்தரங்களின் மேல் படிந்திருக்கும் அரிசித் தூசியில்தான் மாவு வண்டு பெருகும். ஓர் அட்டி காலியானதும் அதன் மரச்சட்டங்களைத் தூக்கி வெளியே தட்டி, வெயிலில் போட்டு, தரையைப் பெருக்கிய பிறகே அடுத்த அட்டியை அடுக்க வேண்டும். கூட்டிய தூசியை அன்றே வெளியே கொண்டுபோய் அழிக்க வேண்டும். மூலையில் குவித்து வைத்தால் கூட்டியதன் பயன் போய்விடும். கிழிந்த மூட்டையை அப்போதே தைக்கவோ மாற்றவோ வேண்டும்.

அட்டிக்கும் சுவருக்கும் இடையே ஆள் சுற்றி வரும் அளவுக்கு, ஏறத்தாழ முக்கால் மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை, இடம் விட வேண்டும். வரத்து அதிகமாகும் காலத்தில் முதலில் பலியாவது இந்த இடம்தான். சுவரோடு ஒட்டி அடுக்கிவிட்டால் பின்பக்கத்தைப் பார்க்கவும் முடியாது, கூட்டவும் முடியாது, போர்வை போர்த்தவும் முடியாது. அடுத்த ஆறு மாதத்துக்கு அந்தப் பக்கம் எலியின் இராச்சியம்தான்.

ஈரம் பூச்சியின் நண்பன். அரசுக் கொள்முதலில் நெல்லுக்கு வழக்கமான உச்ச ஈரப்பதம் 17 விழுக்காடு. நீண்ட நாள் இருப்புக்கு அது அதிகம். 14 விழுக்காட்டுக்குக் கீழே உலர்த்தினால்தான் பூஞ்சணம் அடங்கும். டெல்டாவில் மழைக்கால அறுவடை நெல்லுக்கு ஈரப்பத வரம்பைத் தளர்த்தும்படி கோரிக்கை எழுவதும், சில ஆண்டுகளில் தளர்த்தப்படுவதும் வழக்கம். அப்படி வந்த நெல்லைத் தனி அட்டியாக வைத்து, முதலில் ஆலைக்கு அனுப்புவதே அறிவு. கூரை ஒழுக்கு இன்னொரு காரணம். ஒரே இடத்தில் சொட்டும் நீர் மேல் மூட்டையிலிருந்து கீழ் மூட்டைக்கு இறங்கி, அங்கே மணி கட்டியாகிச் சூடேறும். அந்தச் சூட்டை நோக்கிப் பூச்சி கூடும். மழைக்கு முன்பே ஆள் ஏற்றி ஓடு, தகடு, ஆணித்துளை எல்லாம் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

பதினைந்து நாள் சுற்று

இந்திய உணவுக் கழகத்தின் நடைமுறைப்படி ஒவ்வொரு கிடங்கின் முழு இருப்பையும் தரக்கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கை மேலாளர் மாதம் ஒருமுறை பார்ப்பார். அதற்கு மேலே காலாண்டுப் பார்வையும் திடீர்ச் சோதனைகளும் உண்டு. கூன் வண்டின் ஒரு தலைமுறைக்கு ஐந்து வாரம் என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால் பதினைந்து நாளின் பொருள் விளங்கும். இந்த இடைவெளி தவறாமல் இருந்தால் ஒரு தலைமுறை முழுதாகக் கண்ணில் படாமல் கடந்துபோக முடியாது. ஒரு சுற்று தவறினால் கூட ஒரு மாதம் ஓடிவிடுகிறது.

சுற்று வெளியிலிருந்து தொடங்க வேண்டும். அடிமேடையைச் சுற்றி நடந்து புதிய வளை வாய்களைத் தேட வேண்டும். வளையில் எலி இருக்கிறதா என்று அறிய மாலையில் அதன் வாயைச் சேற்றால் அடைத்துவிட்டு மறுநாள் காலையில் பார்ப்பார்கள். திறந்திருந்தால் உள்ளே ஆள் உண்டு. அடுத்து கதவுகள். எலி நாள்தோறும் உரசிச் செல்லும் இடுக்கின் விளிம்பில் அதன் உடம்பின் எண்ணெய்ப் பசையும் அழுக்கும் சேர்ந்து கறுத்த தடமாகப் படிந்திருக்கும். தடம் பளபளப்பாக, விரலில் ஒட்டுவதுபோல் இருந்தால் இப்போதும் அந்த வழி நடமாட்டத்தில் இருக்கிறது. காய்ந்து தூசி படிந்திருந்தால் பழையது. எலிப் புழுக்கையும் அப்படியே: புதியது கறுத்து மென்மையாக இருக்கும், பழையது நிறம் வெளுத்து உதிரும். அரிசிமணி அளவில் சிறிதாக இருந்தால் சுண்டெலி, அதைவிடப் பருத்து ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் எலி. ஐயம் இருந்தால் சுவரோரம் மெல்லிய சுண்ணாம்புத் தூளைத் தூவி வைத்து, காலையில் காலடியும் வால் இழுத்த கோடும் பார்க்கலாம்.

பிறகுதான் அட்டி. கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்து மூட்டைகளின் தையல் ஓரத்தைப் பார்க்க வேண்டும். வண்டுகள் மறைந்திருப்பது அங்கேதான். சாக்கின் மேல் மாவுத் தூசி, நூலாம்படைபோல் பிணைந்த அரிசி, மூட்டையில் கைவைத்தால் தெரியும் சூடு, பூஞ்சண வாடை ஆகிய ஒவ்வொன்றும் குறிப்பேட்டில் ஏற வேண்டியவை. அடுத்து குத்தூசியால் அட்டியின் நான்கு பக்கத்திலும், மேலும் நடுவிலும் கீழுமாக மாதிரி எடுத்து, ஐந்நூறு கிராம் அரிசியைச் சல்லடையில் சலிக்க வேண்டும். உயிருள்ள பூச்சி ஒன்றும் இல்லையென்றால் அட்டி சுத்தம். ஒன்றிரண்டு இருந்தால் சிறு தாக்கம். அதற்கு மேல் போனால் கடும் தாக்கம். செத்த பூச்சி கணக்கில் சேராது. முன்பு மருந்து வேலை செய்ததற்கு அது சான்று.

குத்தூசி எட்டாத இடத்தையும் இரவில் பறக்கும் பூச்சியையும் பிடிக்கக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் சில பொறிகளை உருவாக்கியிருக்கிறது. துளைகள் உள்ள குழாயைத் தானியத்துக்குள் செருகி வைத்தால், நடமாடும் வண்டுகள் துளை வழியே தவறி விழுந்து கீழ்க்கூம்பில் மாட்டிக்கொள்ளும். புறஊதா விளக்குப் பொறியைக் கிடங்கின் மூலைகளில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் மாட்டினால் துளைப்பானும் மாவு வண்டும் வந்து விழும். பொறியின் பெரும் பயன் எண்ணிக்கைதான். சென்ற சுற்றில் ஐந்து, இந்தச் சுற்றில் நாற்பது என்றால், சல்லடையில் ஒன்றும் விழாவிட்டாலும் எங்கோ ஓர் அட்டியில் புதிய தலைமுறை வெளிவரத் தொடங்கிவிட்டது என்று அறியலாம்.

பரிசோதனைக்குப் பிறகு முன்தடுப்பு மருந்து. மாலத்தியான் ஐம்பது விழுக்காடு கரைசலில் ஒரு பங்குக்கு நூறு பங்கு நீர் கலந்து, நூறு சதுர மீட்டருக்கு மூன்று லிட்டர் வீதம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தெளிப்பார்கள். டெல்டாமெத்ரின் தூள் என்றால் லிட்டருக்கு நாற்பது கிராம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இவை சுவர், தரை, சாக்கின் வெளிப்பரப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே உரியவை. அரிசியில் நேரடியாகப் படக் கூடாது. தூசி படிந்த சுவரில் தெளித்தால் மருந்து தூசியோடு உதிர்ந்துவிடும். மணிக்குள் இருக்கும் புழுவை இவை தொடவே தொடாது.

ஓர் அட்டிக்குப் புகைமூட்டம்

இரண்டாயிரம் மூட்டை உள்ள ஓர் அட்டியை எடுத்துக்கொள்வோம். அதாவது நூறு டன். சலித்ததில் ஐந்நூறு கிராமுக்கு நான்கு உயிருள்ள கூன் வண்டுகள். தெளிப்பால் தீராது, மணிக்குள் புகக்கூடிய வாயுதான் வேண்டும். இந்தியக் கிடங்குகளில் அது பாஸ்பீன். மூன்று கிராம் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரத்தோடு சேர்ந்து ஒரு கிராம் பாஸ்பீனை விடுகிறது. டன்னுக்கு மூன்று மாத்திரை என்ற கணக்கில் இந்த அட்டிக்கு முந்நூறு. இந்த மாத்திரையை எல்லோரும் வாங்கவோ பயன்படுத்தவோ முடியாது. பயிற்சி பெற்று அரசின் அங்கீகாரம் பெற்றவர்கள் மட்டுமே கையாள வேண்டும்.

வேலை தரையிலிருந்து தொடங்குகிறது. அட்டியைச் சுற்றியுள்ள தரையைக் கூட்டி, வெடிப்புகளைப் பூசி, கெட்டியான பாலித்தீன் போர்வையில் ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து ஒட்ட வேண்டும். போர்வை நான்கு பக்கமும் தரையில் அரை மீட்டருக்குக் குறையாமல் படர வேண்டும். மாத்திரைகளை ஒரே இடத்தில் குவித்தால் தீப்பிடிக்கும் வாய்ப்பு உண்டு. தட்டுகளில் பரப்பி அட்டியின் பல இடங்களில் வைப்பார்கள். வாயு உடனே சீறி வருவதில்லை. கிடைக்கும் அந்தச் சிறு அவகாசத்துக்குள் போர்வையை இறக்கி, விளிம்பின் மேல் மணல் நிரப்பிய நீளப் பைகளை ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறும்படி இரண்டு வரிசையாக வைத்து, எச்சரிக்கைப் பலகை மாட்டி, கதவைப் பூட்ட வேண்டும். இதில் குறைந்தது இருவர் இருக்க வேண்டும். முகமூடியும் கையுறையும் கட்டாயம். பாஸ்பீனுக்கு முறிமருந்து கிடையாது. பூண்டு அல்லது கார்பைடு வாடையை வைத்து வாயு இருப்பதை உணரலாம் என்றாலும், வாடை இல்லாததால் வாயு இல்லை என்று நம்பக் கூடாது. கருவியால் அளந்தே முடிவு செய்ய வேண்டும். வேலை நேரம் முழுவதற்குமான வரம்பாக நெடுங்காலம் பின்பற்றப்பட்டது பத்து லட்சத்தில் 0.3 பங்குதான்.

போர்வை ஏழு நாள் இருக்க வேண்டும். வண்டும் வெளியே திரியும் புழுவும் முதல் ஓரிரு நாளிலேயே செத்துவிடும். முட்டையும் கூட்டுப்புழுவும் குறைவாகவே சுவாசிப்பதால் அவற்றுக்கு நஞ்சு ஏறாது. அவை அடுத்த வளர்ச்சி நிலைக்கு மாறும் வரை வாயு தங்கியிருந்தால்தான் சாகும். மாத்திரையின் எண்ணிக்கையைக் கூட்டி நாளைக் குறைக்க முடியாது.

எட்டாம் நாள் கிடங்கின் கதவுகளைத் திறந்து காற்றோட்டம் தந்து, வாயு அளவு இறங்கியதும் போர்வையை எடுத்து, மிஞ்சிய சாம்பல்நிறத் தூளைச் சேகரித்து ஆழப் புதைக்கிறார்கள். மாதிரியைச் சலித்தால் உயிருள்ளது எதுவும் இல்லை. குறிப்பேட்டில் ‘சுத்தம்’ என்று எழுதலாம். உண்மையான தேர்வு மூன்று நான்கு வாரம் கழித்துத்தான். அப்போது புதிய கூன் வண்டுகள் தலைகாட்டினால் இரண்டு விளக்கங்கள் உண்டு. அட்டி முழுவதும் பரவலாக, எல்லாம் இளம் வண்டாக, செம்பழுப்பு நிறத்தில் தெரிந்தால், போர்வையில் வாயு ஒழுகி மணிக்குள் இருந்தவை பிழைத்திருக்கின்றன. ஒரு பக்கத்து மூட்டைகளின் மேற்பரப்பில் மட்டும் தெரிந்தால், பக்கத்து அட்டியிலிருந்தோ கூட்டாத மூலையிலிருந்தோ நடந்து வந்திருக்கின்றன. பாஸ்பீன் பூச்சியைக் கொல்லுமே தவிர, போர்வையை எடுத்த பிறகு அரிசியில் எந்தக் காவலையும் விட்டுச் செல்வதில்லை.

ஒழுகும் போர்வையின் கேடு அந்த ஓர் அட்டியோடு நிற்காது. குறைந்த அளவு வாயுவில் தாங்கிப் பிழைத்தவை பெருகிப் பெருகி, பாஸ்பீனை எதிர்க்கும் இனமே உருவாகிவிடுகிறது. மாவு வண்டிலும் தானியத் துளைப்பானிலும் இத்தகைய எதிர்ப்பு இந்தியாவிலும் பல நாடுகளிலும் பதிவாகியிருக்கிறது. பெரிய இருப்புகளுக்கு இதைப்போல மலிவான, எளிதில் கையாளக்கூடிய மாற்று வாயு இன்றைக்குக் கையில் இல்லை. மெத்தில் புரோமைடு ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் பெரும்பாலான பயன்பாடுகளிலிருந்து விலக்கப்பட்டுவிட்டது.

ஆகவே கிடங்குப் பொறுப்பாளரின் குறிப்பேட்டில் ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று பதிவுகள் இருந்தாக வேண்டும்: எந்த இடுக்கு கண்டுபிடிக்கப்பட்டது, அது எந்தத் தேதியில் அடைக்கப்பட்டது, எந்த அட்டியில் எத்தனை உயிருள்ள பூச்சி. 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு உரிம விதிமுறைகளின் நான்காம் அட்டவணையும் பூச்சித் தடுப்பை உரிமம் பெற்றவரின் கடமையாகவே வைத்திருக்கிறது. அதே அட்டிக்கு மீண்டும் மீண்டும் புகைமூட்டம் செய்ததாகக் குறிப்பேடு காட்டினால், அடுத்த முறை மாத்திரை வாங்குவதற்கு முன் கொத்தனாரையும் துடைப்பத்தையும் அழைக்க வேண்டும்.